185இல் வடை: ஒரு பிரியாவிடைக் கடிதமும் இரண்டு எண்ணெய்த் தொட்டிகளும்

யாழ்ப்பாண நகருக்குள் இருக்கும் ஓர் அலுவலகக் கன்ரீனில் நெடுங்காலம் சமைத்த அக்கா ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, தனக்குப் பிறகு வருகிறவருக்காக இரண்டு ஒற்றையில் ஒரு கடிதம் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். எந்தப் பண்டத்துக்குப் பிரையரை எத்தனையில் வைப்பது, ஓவனை எங்கே திருப்புவது என்பதுதான் அதில் பெரும்பகுதி. புதிதாக வந்த தங்கச்சி அதை வரிக்கு வரி பின்பற்றினார். முதல் திங்கட்கிழமையே உழுந்து வடை வெளியே கறுத்து, உள்ளே பச்சை மாவாக வந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாவது வாரம் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். சமையலறைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புதியவருக்கு வடை சுடப் பழக்கிவிட முடியுமா என்பதுதான் அவர் கேட்டது.

பெயர்கள் வேண்டாம் என்று சொன்னதால் அக்கா, தங்கச்சி என்றே எழுதுகிறேன். கன்ரீனிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கடிதத்தில் தேவையான பகுதி இது:

"தங்கச்சி, வெள்ளியோட நான் நிக்கிறன். வீட்டில சமைக்கிற மாதிரி இஞ்ச சமைக்கேலாது, மெசினைப் பழகவேணும். அதுதான் எழுதிறன்.

பிரையரில இடப்பக்கத் தொட்டி சைவம், வலப்பக்கம் மச்சம். மாறிப் போட்டிடாதேங்கோ. கரண்டியும் வேற வேற.

உழுந்து வடை: இடம், 185. ஒரு தரத்துக்கு எட்டு. லைற் இரண்டாந்தரம் நிண்ட பிறகு போடுங்கோ. நாலரை நிமிசம், நடுவில ஒருக்காப் பிரட்டுங்கோ.
கடலை வடை: இடம், 180. எட்டு. ஐஞ்சு நிமிசம்.
மீன் றோல்ஸ், கட்லற்: வலம், 180. பத்து. மூண்டு நிமிசம்.
வெள்ளிக்கிழமை மரக்கறி றோல்ஸ்: இடம், கடைசி மட்டும் திருப்புங்கோ, 200. எட்டு. மூண்டு நிமிசம்.

மீன் பணிஸ்: ஓவன் குமிழைச் சிவப்புப் புள்ளிக்கு நேர வையுங்கோ. கால் மணித்தியாலம் சூடாகட்டும். நடுத்தட்டு. பதின்மூண்டு நிமிசம் எண்டு சொல்லலாம், ஆனா எட்டில தட்டைத் திருப்பிப்போட்டு, பிறகு அடியைப் பாருங்கோ. அடி பனங்கட்டி நிறமா வந்தா எடுங்கோ. மேல நிறம் வந்திட்டுது எண்டு எடுத்திடாதேங்கோ.

ஓவன் ஓடேக்க இரண்டு தொட்டியையும் சேத்துப் போடாதேங்கோ. எண்ணெய் கீழ்க்கோட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. திங்களும் வியாழனும் எண்ணெய் மாத்திறது. தை மாசக் காலமையில எண்ணெய் உறைஞ்சு கிடக்கும். அப்ப எடுத்த உடன 185இல வையாதேங்கோ, ஆகக் குறைவில வைச்சு உருகவிட்டு ஏத்துங்கோ."

பலர் இப்படிக் கடிதம் எழுதுவதே இல்லை. எழுதினாலும் "பொன்னிறமாக வந்ததும் எடுக்கவும்" என்பதோடு முடித்துவிடுவார்கள். இதில் தொட்டி, எண்ணிக்கை, நேரம், குமிழின் இலக்கம் எல்லாம் இருக்கின்றன. உறைந்த எண்ணெயைப் பற்றிய வரி ஒன்றே போதும், எழுதியவர் அந்த இயந்திரத்தோடு வாழ்ந்தவர் என்று சொல்ல. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையத் தொடங்கும். உறைந்த எண்ணெய்க்குள் கொயில் முழு வேகத்தில் சூடானால், அதைச் சுற்றியுள்ள எண்ணெய் மட்டும் உருகிக் கருகும். மேலே கட்டி அப்படியே கிடக்கும். அதனால்தான் ஆகக் குறைவில் வைத்து உருக்கச் சொல்கிறார்.

அப்படியானால் வடை ஏன் கெட்டது?

மாவின் மேல் விழுந்த பழி

கன்ரீனில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். பிரையர் ஒன்றுதான், கடிதம் ஒன்றுதான், பொரிக்கிற கையும் ஒன்றுதான். மீன் றோல்ஸும் கட்லற்றும் முன்பு போலவே வருகின்றன. வடை மட்டும் பிழைக்கிறது. ஆகவே பிழை மாவில்.

இந்த முடிவை வைத்துக்கொண்டு தங்கச்சியைப் படாத பாடு படுத்தியிருந்தார்கள். உழுந்தை இரண்டு மணித்தியாலத்துக்குப் பதிலாக நான்கு மணித்தியாலம் ஊறவைத்துப் பார்த்தார். உழுந்து வாங்கும் கடையை மாற்றினார். தண்ணீரைக் குறைத்து அரைத்தார், வடை கல்லானது. அரிசிமா சேர்த்தார், மேலோடு இன்னும் தடித்தது. யாரோ சொன்னார்கள் என்று அப்பச்சோடா போட்டார். அதுதான் ஆக மோசம். சோடா காரத்தன்மை உள்ளது. காரம் கூடினால் மாவு சீக்கிரம் சிவக்கும். ஏற்கெனவே அவசரமாகக் கறுக்கிற வடை இன்னும் அவசரமாகக் கறுத்தது, எண்ணெயும் கூடக் குடித்தது.

நேரத்தை நம்பினால் கரி, நிறத்தை நம்பினால் பச்சை மாவு. கடிதம் சொன்னபடி நாலரை நிமிடம் விட்டால் வடை கறுத்தது. சரியான நிறத்தில் எடுத்தால் இரண்டரை நிமிடத்திலேயே எடுக்க வேண்டியிருந்தது, அப்போது நடு வேகவில்லை. இந்த ஒரு தகவலே எண்ணெயைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் றோல்ஸ் நன்றாக வருகிறதே என்ற நினைப்பு எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டது.

நான் போன அன்று மாவைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகப் பொங்கிய மாவு. ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதந்தது. அரைப்பில் குறை இல்லை. அப்புறம் கேட்டேன், "வெள்ளிக்கிழமை மரக்கறி றோல்ஸ் எப்படி வருது?"

"அது இன்னும் மோசம் அண்ணை. எண்ணெய் புகைக்குது. ஒண்டரை நிமிசத்திலயே வெளிய கறுத்திடும், உள்ளுக்குக் குளிரா இருக்கும்."

மீன் றோல்ஸைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், மரக்கறி றோல்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. வாரத்தில் ஒருநாள் மட்டும் போடுவது, அதுவும் குறைவாகப் போடுவது. லீக்ஸ், கரட் என்று தண்ணீர் விடும் மரக்கறி இருப்பதால் அப்படி வருகிறது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் மரக்கறி றோல்ஸில் உழுந்து இல்லை. உழுந்து இல்லாத பண்டமும் அதே விதமாகக் கெடுகிறது என்றால் வழக்கிலிருந்து மாவை விடுதலை செய்துவிடலாம். வடைக்கும் வெள்ளிக்கிழமை றோல்ஸுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, இடப்பக்கத் தொட்டி.

கடிதத்துக்குள்ளேயே இருந்த விடை

இப்போது கடிதத்தை மறுபடி பாருங்கள். மீன் றோல்ஸ் வலப்பக்கத்தில் 180, மூன்று நிமிடம். மரக்கறி றோல்ஸ் இடப்பக்கத்தில் 200, அதுவும் மூன்று நிமிடம்.

றோல்ஸ் என்பது ஏற்கெனவே வெந்த கறியை மெல்லிய அப்பத்தில் சுற்றி, மாக்கரைசலில் தோய்த்து, றஸ்க்தூளில் பிரட்டிப் பொரிப்பது. எண்ணெய்க்கு அங்கே இரண்டு வேலைதான்: மேல்தூளை மொறுமொறுப்பாக்குவது, உள்ளே இருப்பதைச் சுடவைப்பது. அந்தக் கன்ரீனில் இரண்டு றோல்ஸுக்கும் ஒரே அப்பம், ஒரே தூள், ஒரே பருமன். உள்ளே மீனோ மரக்கறியோ, எண்ணெய்ச் சூடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கைதேர்ந்த ஒருவர் ஒரே பண்டத்துக்கு, ஒரே நேரத்துக்கு, இரண்டு தொட்டியில் இருபது பாகை வித்தியாசமாக எழுதுகிறார் என்றால் பண்டம் வித்தியாசமில்லை, தொட்டி வித்தியாசம். இடப்பக்கக் குமிழ் 200 என்று காட்டினால்தான் எண்ணெய் 180 பக்கம் வந்தது.

இந்த இரட்டைத் தொட்டிப் பிரையர்கள் பார்வைக்கு ஒரே இயந்திரம். உண்மையில் அருகருகே வைத்த இரண்டு இயந்திரங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் தனிக் கொயில், தனித் தெர்மோஸ்டாற், தனிக் குமிழ், தனி வயர். வலப்பக்கம் சரியாக இருப்பது இடப்பக்கத்துக்குச் சாட்சி ஆகாது.

குத்திப் பார்க்கும் வெப்பமானியை முதலில் கொதிநீரில் வைத்துச் சரிபார்த்தேன். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் கொதிநீர் 100 காட்ட வேண்டும், காட்டியது. பிறகு இரண்டு தொட்டியையும் சூடாக்கி, எண்ணெயைக் கரண்டியால் ஒருமுறை கலக்கி, கொயிலுக்குப் படாமல் நடுவில் வைத்து அளந்தேன். வலம் 180இல், எண்ணெய் 176க்கும் 183க்கும் இடையில் ஏறி இறங்கியது. நல்லது. இடம் 185இல், 180க்கும் 188க்கும் இடையில்.

அதாவது இடப்பக்கத் தொட்டி பொய் சொல்லவில்லை. குமிழ் சொல்வதும் எண்ணெய் இருப்பதும் ஒன்றே. அக்கா எழுதிய காலத்தில் பொய் சொன்ன தொட்டி இப்போது உண்மை சொல்கிறது. இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

முகாமையாளரிடம் கேட்டதும் உடனே சொன்னார், "ஓம், அக்கா போன அடுத்த நாள், சனிக்கிழமை, இடப்பக்கத்துக்குப் புதுத் தெர்மோஸ்டாற் போட்டது. இடைக்கிடை வேலை செய்யாமல் நின்றது. புது ஆள் வரமுதல் திருத்திவிடுவோம் என்று நினைத்தோம்." நல்லெண்ணத்தில் செய்த வேலை. கடிதம் எழுதியது வியாழக்கிழமை. திங்கட்கிழமை தங்கச்சி வேலை தொடங்கும்போது அதில் இடப்பக்கத்துக்கு எழுதிய இலக்கங்கள் எல்லாம் வேறொரு இயந்திரத்துக்கு உரியவையாகிவிட்டன.

கழன்ற குழாய்

கழற்றிய பழைய தெர்மோஸ்டாற் கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு பையில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்ததில்தான் கதை முழுதாகப் புரிந்தது.

பிரையர் தெர்மோஸ்டாற்றில் ஒரு விரல் நீளத்துக்கு உலோகக் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் திரவம். குழாய் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். அதிலிருந்து நூல் போன்ற மெல்லிய குழாய் ஒன்று குமிழுக்குப் பின்னால் உள்ள சுவிட்சுக்குப் போகும். எண்ணெய் சூடாக, திரவம் விரிந்து சுவிட்சைத் தள்ளும், கரண்ட் நிற்கும். எண்ணெய் ஆறினால் திரவம் சுருங்கும், கரண்ட் திரும்ப வரும். முகப்பில் உள்ள லைற் எரிந்து அணைவது இதனால்தான். ஆகவே அது அறிவது குழாய் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் சூட்டை மட்டும்தான். குழாயை ஒரு கிளிப் பிடித்து, கொயிலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி வைத்திருக்கும்.

பழைய குழாயின் ஒரு பக்கம் நீளவாக்கில் கருகியிருந்தது. திருத்தியவரிடம் தொலைபேசியில் கேட்டேன். கிளிப் உடைந்து, குழாய் கொயிலோடு ஒட்டிக் கிடந்ததாகச் சொன்னார். கொயிலுக்குப் பக்கத்தில் இருப்பது எண்ணெயின் சராசரிச் சூடல்ல, அதைவிடக் கூடியது. எண்ணெய் 167இல் இருக்கும்போதே குழாய் 185 என்று உணர்ந்து கரண்டை நிறுத்திவிடும். இப்படி நொடிக்கொருதரம் எரிந்தும் அணைந்தும் சுவிட்சின் முனைகள் தேய்ந்திருக்கும். அதுதான் கடைசியில் வேலை செய்யாமல் நின்றதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பழைய தெர்மோஸ்டாற்றைத் தாச்சி எண்ணெயில் தொங்கவிட்டு, முனைகளைச் சுரண்டிச் சோதித்தபோது சுவிட்ச் சரியான இடத்திலேயே தட்டியது. பழுதானது அளவு அல்ல, குழாய் இருந்த இடம்.

அக்காவுடனும் பேசினேன். அவருக்கு இந்தக் குழாய்ச் சங்கதி எதுவும் தெரியாது. ஆனால் அவர் சொன்னது கச்சிதமாகப் பொருந்தியது: "முதல் 170இலதான் வடை போட்டனான். பிறகு பிறகு வடை எண்ணெய் குடிக்கத் தொடங்கீட்டுது. கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி ஏத்தி 185இல வந்து நிண்டது. வலப்பக்கத்தை நான் மாத்தேல்லை." எண்ணெய்ச் சூடு குறைந்தால் மேலோடு பிடிக்கத் தாமதமாகும், வடை எண்ணெய் குடிக்கும். அதை அவர் கையால் உணர்ந்து குமிழைத் திருப்பினார். வடையைப் பார்த்து இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே வந்தவர், கடைசியில் தான் வந்து சேர்ந்த இலக்கத்தை மட்டும் எழுதிவைத்தார். எப்படி வந்து சேர்ந்தார் என்பது கடிதத்தில் இல்லை.

பதினேழு பாகையில் என்ன ஆகிவிடும்?

முகாமையாளர் இதை நம்பத் தயங்கினார். 167க்கும் 184க்கும் இடையில் பதினேழு பாகைதானே, சூடு கூடினால் வடை சீக்கிரம் வெந்துவிட வேண்டுமே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வடை மாவில் தண்ணீர் நிறைய. எண்ணெயில் போட்டதும் மேற்பரப்பில் உள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. குமிழி விடுவது அதுதான். தண்ணீர் போன இடம் காய்ந்து மேலோடாகிறது. மேலோடு 100 பாகைக்கு மேல் ஏறிச் சிவக்கலாம், ஏனென்றால் அங்கே தண்ணீர் இல்லை. ஆனால் மேலோட்டுக்கு உட்புறம் இன்னும் ஈரம். ஈரம் உள்ள வரை அந்த எல்லை 100 பாகையைத் தாண்டாது. நடுவில் உள்ள மாவுக்குச் சூடு போவது அந்த 100 பாகை எல்லையிலிருந்துதான், எண்ணெயிலிருந்து நேரடியாக அல்ல. எண்ணெய் 167 ஆனாலும் 184 ஆனாலும் நடுமாவு வேகும் வேகம் பெரிதாக மாறாது. மேலோடு சிவக்கும் வேகம் மட்டும் நன்றாகக் கூடிவிடும். வெளியும் உள்ளும் ஒரே நேரத்தில் முடிய வேண்டிய பந்தயத்தில், வெளியை மட்டும் ஓடவிட்டது போல.

அன்று இரண்டு விதமாகவும் பொரித்து நடுவில் வெப்பமானியைக் குத்திக் காட்டினேன். 185இல் வைத்து, நல்ல நிறம் வந்த இரண்டரை நிமிடத்தில் எடுத்த வடையின் நடு 78 பாகை; பிய்த்தால் விரலில் ஒட்டியது. குமிழை 168க்கு இறக்கி நாலரை நிமிடம் பொரித்த வடையின் நடு 97. பஞ்சு போல வந்தது. மாவு ஒரே பாத்திரத்து மாவுதான். அரிசிமா இல்லை, சோடா இல்லை.

முறைப்பாடு வந்தது வடைக்கு. என்னைக் கவலைப்படுத்தியது வெள்ளிக்கிழமை றோல்ஸ். முதல்நாள் பின்னேரம் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் நேரே எண்ணெயில் போடுவது. 200 பாகை எண்ணெயில் ஒன்றரை நிமிடத்தில் கறுத்துவிடுவதால் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்த ஒன்றைக் குத்திப் பார்த்தபோது நடு 38 பாகை. 5க்கும் 60க்கும் இடையில் கிருமிகள் தாராளமாகப் பெருகும். அந்த றோல்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து மணித் தேநீர் வரை, சிலவேளை மத்தியானம் வரை இருக்கும். பச்சை மாவு வடையைக் கடித்தவர் துப்பிவிடுவார். உள்ளே குளிர்ந்த றோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அதே றோல்ஸ் 180 பாகை எண்ணெயில் மூன்று நிமிடம் கிடந்தபோது நடு 76க்கு வந்தது.

எண்ணெயும் சாட்சி சொன்னது. அக்கா காலத்தில் திங்கள் ஊற்றிய எண்ணெய் வியாழன் வரை தாங்கியது. இப்போது இடப்பக்கம் செவ்வாய் பின்னேரமே கறுத்து, பிசுபிசுப்பு ஏறியிருந்தது. பத்துப் பாகை கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொரியல் தொழிலில் கைக்கணக்கு.

ஓவன் ஏன் தப்பியது

மீன் பணிஸில் முதல் நாளிலிருந்தே குறை இல்லை. ஓவனை யாரும் திருத்தவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் திருத்தியிருந்தாலும் தங்கச்சி சமாளித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஓவனின் குமிழில் இலக்கங்கள் எப்போதோ தேய்ந்து அழிந்துவிட்டன. அக்கா நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டார். நம்புவதற்கு இலக்கம் இல்லாததால், பணிஸையே பார்க்கச் சொல்லி எழுதினார்: எட்டாம் நிமிடம் தட்டைத் திருப்பு, அடியைப் பார், பனங்கட்டி நிறம் வந்தால் எடு. மேற்பக்கம் முட்டை பூசியது, அது எப்போதும் முந்திச் சிவக்கும். அடி சிவந்தால்தான் உள்ளே வெந்தது நிச்சயம். பிரையரில் அச்சடித்த இலக்கம் பளிச்சென்று இருந்தது. அதனால் அங்கே நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கா அதிகம் நம்பிய கருவியைப் பற்றிய குறிப்புத்தான் காலை வாரியது.

சிவப்புப் புள்ளி எத்தனை பாகை என்று தங்கச்சி கேட்டார். வெப்பமானி இல்லாமல் அவரே பார்க்கக்கூடிய வழியைக் காட்டினேன். சீனி ஏறத்தாழ 186 பாகையில் உருகும். ஒரு தேக்கரண்டி சீனியை ஈயத்தாளில் பரப்பி நடுத்தட்டில் கால் மணித்தியாலம் வைக்க வேண்டும். சிவப்புப் புள்ளியில் சீனி உருகிக் கண்ணாடி போலானது. குமிழை ஒரு நூல் அளவு குறைத்து, ஓவன் ஆறிய பிறகு புதுச் சீனி வைத்தபோது உருகவில்லை, ஓரம் மட்டும் மங்கியது. ஆக, புள்ளி 190ஐ ஒட்டி. இனி ஓவனுக்கு எது நடந்தாலும் புள்ளியை மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

புதுக் கடிதம் எழுதும்போது பழைய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் இருந்தது என்று கேட்டோம். காரணம் எழுதாத வரிகளில் சில இன்னும் உயிரோடு இருந்தன, சில பழைய பழுதோடு செத்துப்போயிருந்தன.

ஓவன் ஓடும்போது இரண்டு தொட்டியையும் போடாதே என்பது உயிரோடு இருக்கிறது. தொட்டி ஒன்று 3 கிலோவாட், அதாவது 13 அம்பியர். ஓவனும் அவ்வளவே. மூன்றும் சேர்ந்தால் 39 அம்பியர். கன்ரீனுக்கு வரும் லைனில் 30 அம்பியர் பிரேக்கர். விழுந்துவிடும். ஆகவே பணிஸ் முதலில், பொரியல் பிறகு என்ற ஒழுங்கு அப்படியே இருக்கட்டும்.

லைற் இரண்டாந்தரம் அணையும் வரை பொறு என்பதும் நல்ல வரி. முதல் தரம் அணையும்போது மேல் எண்ணெயும் கீழ் எண்ணெயும் ஒரே சூட்டில் இராது.

ஆனால் "எட்டு வடை" பழைய பழுதின் பிள்ளை. குழாய் கொயிலில் ஒட்டிக் கிடந்தபோது, குளிர்ந்த மாவு விழுந்து எண்ணெய் ஆறினாலும் கொயில் சிறிது எரிந்ததுமே நின்றுவிடும். எண்ணெய் திரும்ப ஏற நேரமெடுக்கும். அதனால் கொஞ்சமாகப் போட வேண்டியிருந்தது. இப்போது பன்னிரண்டு போட்டுப் பார்த்தோம். 168இல் இருந்த எண்ணெய் 156க்கு இறங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்தது. வடையில் குறை இல்லை. பதினைந்து போட்டபோது 150க்குக் கீழே போனது, வடை எண்ணெய் குடித்தது. பன்னிரண்டு என்று எழுதினோம். காலை வேலையில் கணிசமான நேரம் மிச்சம்.

தங்கச்சி தன் கையால் எழுதி ஒட்டியது இப்படி:

"உழுந்து வடை: எண்ணெய் 168. இண்டைக்கு இடப்பக்கக் குமிழில அது 168இலதான் இருக்குது. பன்னிரண்டு. நாலு நிமிசத்துக்கு முதல் நிறம் வந்திட்டா எண்ணெய் சூடு கூட, இறக்கு. ஐஞ்சு நிமிசமாகியும் நிறம் வராட்டி சூடு காணாது. முதல் ஈட்டில ஒண்டைப் பிச்சுப் பார்.
மரக்கறி றோல்ஸ், மீன் றோல்ஸ்: இரண்டுக்கும் எண்ணெய் 180. மூண்டு நிமிசம். அதுக்கு முதல் கறுத்தா அடுத்ததைப் போடாதே.
தொட்டி திருத்தினா, குமிழ் மாத்தினா: அண்டைக்கு வெப்பமானி வைச்சுப் பாக்காமல் எதுவும் போடுறதில்லை."

கடலை வடைக்கு 163 என்று எழுதினார். பழைய 180இலிருந்து பதினேழைக் கழித்ததுதான். பொரித்துப் பார்த்ததில் சரியாகவே வந்தது, ஆனால் பருப்புக் கரகரப்பாக அரைபட்ட நாளில் இரண்டு மூன்று பாகை கூட்டினால் உதிராமல் நிற்கிறது என்கிறார் தங்கச்சி. அது அவருடைய அனுபவம், அவர் கடிதத்தில் அவர் சேர்க்கட்டும்.

பிரையரைத் திறந்திருந்தபோதே வலப்பக்கக் குழாயையும் பார்த்தோம். கிளிப் இருக்கிறது, ஒரு பல் தளர்ந்திருக்கிறது. மாற்றச் சொல்லியாயிற்று.

இந்த இலக்கங்கள் எல்லாம் தொட்டிக்கு ஆறு லீற்றர் சுத்திகரித்த தேங்காயெண்ணெய்க்கு எழுதியவை. விலை ஏறினால் முகாமையாளர் பாம் எண்ணெய்க்கு மாறலாம் என்று யோசிக்கிறார். மாறினால் தொட்டியை முழுதாக வடித்துத் துடைத்துவிட்டு மாறச் சொல்லியிருக்கிறேன். தேங்காயெண்ணெயும் பாம் எண்ணெயும் கலந்தால் பொரிக்கும்போது நுரைத்துப் பொங்கும். மூன்று கிலோவாட் கொயிலுக்கு மேலே பொங்கும் எண்ணெயை யாரும் பார்க்க வேண்டியதில்லை.